கை தனியே இரண்டு, கையில் வந்தால் ஒன்றரை: ஐகார, ஔகாரக் குறுக்கத்துக்கு மாத்திரை போடுவது எப்படி?

போட்டித் தேர்வுக்கு இலக்கணம் படிக்கிறவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'ஐ' நெடில், நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று படித்திருப்பார்கள். அப்புறம் 'பறவை' என்ற சொல்லுக்கு மாத்திரை கேட்டால் ப ஒன்று, ற ஒன்று, வை இரண்டு, மொத்தம் நான்கு என்று போட்டுவிட்டு வருவார்கள். விடை மூன்று. ஏன் மூன்று என்பதையும், இதே மாதிரி எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் எப்படிக் கணக்குப் போடுவது என்பதையும் இங்கே ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். முன்பின் இலக்கணம் படிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை, குறில் நெடில் தெரிந்தால் போதும்.

முதலில் அடிப்படை அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஓர் எழுத்தை ஒலிக்க ஆகும் நேரத்தின் அளவுதான் மாத்திரை. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய்யும் ஆய்தமும் அரை. உயிர்மெய்யை எடுத்துக்கொண்டால் அதில் உள்ள உயிரின் அளவுதான் கணக்கு. 'க'வுக்கு ஒன்று, 'கா'வுக்கு இரண்டு. 'க்' தனியாக நின்றால்தான் அரை.

எந்த நெடில் குறுகும்?

தமிழில் நெடில் ஏழு. ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ. இவற்றில் சொல்லுக்குள் வந்ததும் தன் அளவில் குறைந்து ஒலிப்பவை ஐ, ஔ இரண்டு மட்டும்தான். மற்ற ஐந்தும் சொல்லின் முதலில் வந்தாலும் நடுவில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் இரண்டு மாத்திரையை விடாது. 'பாடாதே' என்ற சொல்லில் பா, டா, தே மூன்றுமே இரண்டு இரண்டாக மொத்தம் ஆறு.

இங்கே ஒரு குழப்பம் வரும். 'நீ' என்பது 'நின்' ஆகிறதே, 'யான்' என்பது 'என்' ஆகிறதே, அதுவும் நெடில் குறுகுவதுதானே என்று சிலர் கேட்பார்கள். அது வேறு விஷயம். அங்கே நெடில் எழுத்தே போய்விட்டு அந்த இடத்தில் குறில் எழுத்து வந்துவிடுகிறது, எழுதும்போதே கண்ணுக்குத் தெரியும். ஐகாரக்குறுக்கத்தில் எழுத்து மாறாது. 'பறவை'யில் 'வை' அப்படியே 'வை'யாகத்தான் இருக்கும், ஒலிக்கும் நேரம்தான் குறையும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் தேர்வில் இதைக் கேட்கிறார்கள்.

இடம் பார்த்து அளவு போடுவது

சொல்லில் ஐகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஐ' என்ற தனி உயிராகவும் இருக்கலாம், கை, சை, தை, மை என்று உயிர்மெய்யாகவும் இருக்கலாம், இரண்டும் ஒன்றுதான். இருந்தால் அடுத்த கேள்வி, அது எங்கே நிற்கிறது?

அந்த ஓர் எழுத்தே முழுச் சொல்லாக இருந்தால் குறுக்கமே இல்லை. கை, பை, மை, தை, தலைவன் அல்லது அழகு என்ற பொருளில் வரும் ஐ, எல்லாம் இரண்டு மாத்திரை. ஐ என்ற எழுத்தின் பெயராகவே அதைச் சொல்லும்போதும் இரண்டுதான். செய்யுளில் அளபெடுத்து நீளும் இடத்திலும் ஐகாரம் குறுகாது.

சொல்லின் முதல் எழுத்தாக வந்து பின்னால் வேறு எழுத்துகளும் இருந்தால் ஒன்றரை மாத்திரை. வையம், தையல், ஐந்து, ஐப்பசி, மைதானம் எல்லாம் இந்த வகை. நடுவிலோ கடைசியிலோ வந்தால் ஒரு மாத்திரை. சமையல், தலைவன், இடையன் ஆகியவற்றில் நடுவில் வருகிறது, பறவை, கடலை, மழை ஆகியவற்றில் கடைசியில் வருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் ஏழாம் வகுப்பில் இப்படித்தான் சொல்லித்தருகிறது, தேர்வுகளிலும் பெரும்பாலும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

சரி, 'வையம்' என்ற சொல்லைப் போட்டுப் பார்ப்போம். வை முதலில் இருக்கிறது, ஒன்றரை. ய குறில், ஒன்று. ம் மெய், அரை. ஆக மூன்று. 'சமையல்' என்றால் ச ஒன்று, மை நடுவில் இருப்பதால் ஒன்று, ய ஒன்று, ல் அரை, மொத்தம் மூன்றரை. 'வைகை' என்ற இரண்டெழுத்துச் சொல் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு, ஏனென்றால் அதில் இரண்டு ஐகாரம் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு அளவு. வை முதலில், ஒன்றரை. கை கடைசியில், ஒன்று. மொத்தம் இரண்டரை. இரண்டு நெடில் என்று எண்ணி நான்கு போட்டவர்களுக்கு இந்த ஒரு சொல்லே விஷயத்தைப் புரியவைத்துவிடும்.

ஒன்றரை என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது?

மனப்பாடம் செய்வதைவிட இதைப் புரிந்துகொண்டால் அளவு மறக்காது. 'ஐயன்' என்பதை 'அய்யன்' என்றும் எழுதுகிறோம், 'ஔவை' என்பதை 'அவ்வை' என்றும் எழுதுகிறோம். தொல்காப்பியமே மொழிமரபில் அகரத்தோடு யகர மெய் சேர்ந்தால் ஐகாரம் போலத் தோன்றும் என்று சொல்கிறது. இப்போது 'அய்' என்பதற்கு மாத்திரை போடுங்கள். அ ஒன்று, ய் அரை, ஒன்றரை. சொல்லின் முதலில் வரும் ஐகாரத்துக்குக் கொடுத்த அதே அளவு.

ஔவையும் அப்படித்தான். ஔ ஒன்றரை, வை ஒன்று, மொத்தம் இரண்டரை. அவ்வை என்று எழுதினால் அ ஒன்று, வ் அரை, வை ஒன்று, அதுவும் இரண்டரை. எழுத்தின் எண்ணிக்கை மாறினாலும் வாய் எடுத்துக்கொள்ளும் நேரம் மாறவில்லை.

நடுவிலும் கடைசியிலும் ஒரு மாத்திரை என்பதற்குப் பேச்சே சாட்சி. மழையை 'மழ' என்கிறோம், தலையை 'தல' என்கிறோம், கடலையை 'கடல' என்கிறோம். எழுத்தில் ஐகாரம் இருந்தாலும் வாய் அதை அகரம் போலக் குறுக்கிவிடுகிறது, அகரம் குறில், குறிலுக்கு ஒன்று. ஆனால் கையை யாரும் 'க' என்று சொல்வதில்லை, பையை 'ப' என்று சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் சொல்லைப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். ஐகாரம் அகரமாகத் தேய்ந்தால் அது ஒரு மாத்திரை இடம். 'சமையல்' என்பதைப் பலர் 'சமயல்' என்று பிழையாக எழுதுவதும் இதனால்தான், காதில் விழுவதை எழுதுகிறார்கள்.

நன்னூல் சொல்வதும் பாடநூல் சொல்வதும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் இரண்டு புத்தகங்களை வைத்துப் படிப்பவர்கள் இங்கேதான் விடை பொருந்தவில்லை என்று திகைப்பார்கள்.

தொல்காப்பியம் 'ஓரளபு ஆகும் இடனுமார் உண்டே' என்று தொடங்கும் நூற்பாவில், சொல்லுக்குள் வரும்போது ஐகாரம் ஒரு மாத்திரையாக ஒலிக்கும் இடமும் உண்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் இன்னும் திட்டமாகச் சொல்கிறது. 'தற்சுட்டு அளபு ஒழி ஐம் மூவழியும் நையும்' என்பது அதன் நூற்பா. தன்னையே சுட்டும் இடமும் அளபெடுக்கும் இடமும் தவிர, மற்றபடி ஐகாரம் சொல்லின் முதல், இடை, கடை ஆகிய மூன்று இடத்திலும் நையும், அதாவது குறையும் என்று பொருள். 'ஔவும் முதல் அற்று ஆகும்' என்று அதே நூற்பா தொடர்கிறது, ஔகாரம் முதலில் மட்டும் அப்படிக் குறுகும். எவ்வளவு குறையும் என்பதை மாத்திரை சொல்லும் இன்னொரு நூற்பாவில் 'ஒன்றே குறிலோடு ஐ ஔக் குறுக்கம்' என்று வைக்கிறார். குறிலுக்கும் ஐகார, ஔகாரக் குறுக்கங்களுக்கும் ஒரே அளவு, ஒன்று. முதலில் வந்தால் ஒன்றரை என்று தனியாகப் பிரிக்கவில்லை.

ஆகவே நன்னூல் நூற்பாவை நேராகப் பிடித்தால் 'வையம்' இரண்டரை, பாடநூலைப் பிடித்தால் மூன்று. தேர்வில் என்ன செய்வது? கேள்வியின் வாசகத்தைப் பாருங்கள். 'நன்னூலார் கருத்துப்படி' என்றோ, நூற்பாவையே கொடுத்தோ கேட்டிருந்தால் ஒன்று. வெறுமனே 'சொல்லின் முதலில் வரும் ஐகாரக்குறுக்கத்தின் மாத்திரை' என்று கேட்டிருந்தால் ஒன்றரை. விடைகளையும் பாருங்கள். நான்கு விடையில் ஒன்றரை இருந்தால் கேட்டவர் பாடநூலை வைத்துத்தான் கேட்டிருக்கிறார். நடுவிலும் கடைசியிலும் வருவதற்கு இந்தத் தொல்லை இல்லை, எந்த நூலைப் பிடித்தாலும் ஒன்று.

ஔகாரம் எளிது, ஆனால் எழுத்தில் ஒரு பொறி

ஔகாரம் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வராது. முதலில் மட்டும் வரும், அங்கே ஒன்றரை. தனியே 'வௌ' என்று ஓரெழுத்துச் சொல்லாக நின்றால் இரண்டு. மௌவல் என்றால் ஒன்றரை, ஒன்று, அரை, மொத்தம் மூன்று. கௌதாரி என்றால் ஒன்றரை, இரண்டு, ஒன்று, மொத்தம் நாலரை. ஔவையார் என்றால் ஔ ஒன்றரை, வை நடுவில் இருப்பதால் ஒன்று, யா இரண்டு, ர் அரை, மொத்தம் ஐந்து. இந்தச் சொல்லில் இரண்டு குறுக்கமும் சேர்ந்தே வருகிறது, அதனால் கேள்வி கேட்பவர்களுக்கு இதன்மேல் ஒரு பிரியம் உண்டு.

பொறி என்று சொன்னது 'வௌவால்' மாதிரிச் சொற்களை. ஔகாரக் குறியின் பின்பாதி அச்சில் ளகரம் போலவே இருக்கும். அதனால் பலர் கணினியில் வெ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டிவிடுகிறார்கள், பார்க்க ஒன்றுபோலவே தெரியும். அப்படி இரண்டாகப் படித்தால் வெ ஒன்று, ள ஒன்று, வா இரண்டு, ல் அரை என்று நாலரை வரும். சரியான கணக்கு வௌ ஒன்றரை, வா இரண்டு, ல் அரை, மொத்தம் நான்கு. 'வெளி', 'உளவு' என்பவற்றில்போல உண்மையிலேயே ளகரம் ஒலிக்கிறதா என்று வாய்விட்டுப் படியுங்கள். வௌவால் என்று சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொடவில்லை என்றால் அங்கே ளகரம் இல்லை, ஔகாரம்தான்.

வேற்றுமை உருபும் சேர்ந்து வரும் சொல்லும்

அடுத்தது, அகராதிச் சொல்லாக இல்லாமல் வாக்கியத்தில் இருக்கிற மாதிரியே கேட்கும் கேள்விகள். 'கை' தனியே இரண்டு என்றோம். 'கையில்' என்று ஆனதும் அது முதலெழுத்து ஆகிவிடுகிறது. கை ஒன்றரை, யி ஒன்று, ல் அரை, மொத்தம் மூன்று. 'கையை' என்றால் கை ஒன்றரை, யை கடைசியில் ஒன்று, மொத்தம் இரண்டரை. இரண்டாம் வேற்றுமை உருபே 'ஐ' என்பதால், அது சேர்ந்த எந்தப் பெயர்ச்சொல்லும் கடைசியில் ஐகாரக்குறுக்கத்தோடுதான் முடியும். மரத்தை, பாலை, உன்னை எல்லாம் அப்படித்தான். மரத்தை என்பதற்கு ம ஒன்று, ர ஒன்று, த் அரை, தை ஒன்று, மொத்தம் மூன்றரை.

சேர்ந்து ஒரே சொல்லானவற்றிலும் கவனம் வேண்டும். 'என் கை' என்று இரண்டு சொல்லாக இருந்தால் கை தனியே நிற்கிறது, இரண்டு மாத்திரை. 'வலக்கை' என்று ஒரே சொல்லானால் கடைசியில் நிற்கிறது, ஒன்று. துணிப்பையும் அப்படித்தான். ஆக, இடைவெளி இருக்கிறதா, ஒற்று சேர்ந்து ஒன்றாகிவிட்டதா என்பதைப் பார்க்காமல் அளவு போடக்கூடாது.

'ஐந்து' என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன். இதில் ஐ ஒன்றரை, ந் அரை. கடைசியில் உள்ள 'து' குற்றியலுகரம், அதற்கு ஒன்று இல்லை, அரைதான். மொத்தம் இரண்டரை. குற்றியலுகரம் தனிப் பாடம், அதில் குறுகுவது நெடில் இல்லை, குறில் உகரம். ஆனாலும் ஒரே சொல்லில் இரண்டும் வரும்போது ஒன்றைக் கவனித்து மற்றதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

குறளில் பார்த்தால்

இதெல்லாம் வெறும் தேர்வுக் கணக்கு இல்லை. செய்யுளில் ஒவ்வொரு சீரையும் அசைகளாகப் பிரிக்கும்போது ஐகாரத்தின் இடம் தெரியாவிட்டால் தளை தட்டும், அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை பிசகும். ஐம்பதாவது குறளை எடுத்துக்கொள்வோம்.

வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன் வானுறையும்
தெய்வத்துள் வைக்கப் படும்.

இதில் மூன்று ஐகாரம் இருக்கிறது. 'வையத்துள்' சொல்லில் வை முதலில், ஒன்றரை. 'வானுறையும்' சொல்லில் றை நடுவில், ஒன்று. 'வைக்க' என்ற சொல்லில் வை மறுபடியும் முதலில், ஒன்றரை. 'தெய்வத்துள்' என்பதில் 'தெய்' ஐகாரம் போலக் காதில் விழுந்தாலும் அது எகரமும் ய் மெய்யும், குறுக்கக் கணக்கில் வராது.

அசை பிரிக்கும்போது முதலில் வரும் ஐகாரத்தை நெடிலாகவே எடுக்க வேண்டும். குறிலோ நெடிலோ தனியாகவோ ஒற்றோடோ நின்றால் நேரசை, குறிலோடு அடுத்த குறிலோ நெடிலோ இணைந்து நின்றால் நிரையசை. வை / யத் / துள் என்று மூன்று நேரசை, இந்தச் சீரின் வாய்பாடு தேமாங்காய். காய்ச்சீருக்குப் பின் வெண்பாவில் நேரசை வர வேண்டும், 'வாழ்' நேரசை, சரியாகப் பொருந்துகிறது. வையைக் குறில் என்று நினைத்து வையத் / துள் என்று பிரித்தால் நிரை நேர், புளிமா ஆகிவிடும். மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், ஆனால் இங்கே வருவது நேர், தளை தட்டுகிறது. வள்ளுவர் தளை தட்ட எழுதவில்லை, நாம் பிரித்ததுதான் தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நடுவில் வருவது இதற்கு நேர்மாறு. 'இன்மையின் இன்னாதது யாதெனின்' என்று தொடங்கும் குறளில் 'இன்மையின்' என்ற சீரை இன் / மையின் என்று பிரித்து நேர் நிரை, கூவிளம் என்று சொல்வார்கள். மை நடுவில் இருப்பதால் குறில்போல் நின்று அடுத்த 'யின்' என்பதோடு இணைந்து நிரையசை ஆகிறது. இங்கே மையை நெடிலாக எடுத்து இன் / மை / யின் என்று மூன்றாகப் பிரித்தாலும் அடுத்த சீர் நேரில் தொடங்குவதால் தளை தட்டாது. அதனால் தவறு வெளியே தெரியாமல் போய்விடும், சீரின் பெயர் மட்டும் தேமாங்காய் என்று மாறிவிடும். வாய்பாடு கேட்டால் விடை தப்பாகும். ஆக, தளையை வைத்து மட்டும் சரிபார்க்க முடியாது, ஐகாரம் சொல்லில் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்த பிறகே பிரிக்க வேண்டும்.

சீரையும் சொல்லையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். சில இடங்களில் ஒரு சொல் சீருக்காக உடைந்து நிற்கும், அல்லது இரண்டு சொல் சேர்ந்து ஒரே சீராகும். 'முதல்' என்று நாம் சொல்வது சொல்லின் முதலை. 'வானுறையும்' என்பதே வான், உறையும் என்ற இரண்டு சொல் சேர்ந்த சீர்தான், உறையும் என்ற சொல்லிலும் றை நடுவில்தான் இருக்கிறது, அதனால் இங்கே தொல்லை வரவில்லை.

இப்போது நீங்களே போட்டுப் பாருங்கள். தலையணை, ஐந்திணை, வலைப்பை, மௌனம், ஐயையோ. தலையணையில் த ஒன்று, லை ஒன்று, ய ஒன்று, ணை ஒன்று, நான்கு. ஐந்திணையில் ஐ ஒன்றரை, ந் அரை, தி ஒன்று, ணை ஒன்று, நான்கு. வலைப்பையில் வ ஒன்று, லை ஒன்று, ப் அரை, பை ஒன்று, மூன்றரை. மௌனத்தில் ஒன்றரை, ஒன்று, அரை, மூன்று. ஐயையோவில் ஐ ஒன்றரை, யை நடுவில் ஒன்று, யோ மட்டும் குறுகாத நெடிலாக இரண்டு, நாலரை. கடைசிச் சொல்லில் ஆறு வந்திருந்தால் ஐகாரத்தின் இடத்தையே பார்க்கவில்லை என்று அர்த்தம், ஐந்து வந்திருந்தால் நடுவில் இருக்கும் யைக்கும் ஒன்றரை கொடுத்துவிட்டீர்கள், நான்கு வந்திருந்தால் முதல் ஐக்கு ஒன்று போட்டிருக்கிறீர்கள், அது நன்னூல் கணக்கு.